ஜேட் லிசார்ட்: மேலே நஷ்டமில்லை என்பதன் கணக்கு

2021 ஜனவரி 4-ஆம் தேதி நியூயார்க் சந்தையில் கேம்ஸ்டாப் பங்கு 17.25 டாலரில் முடிந்தது. வீடியோ கேம் விற்கும் கடைகளை நடத்தும் நிறுவனம் அது. தொழில் தேய்ந்துகொண்டே வந்தது. பங்கு 40 டாலரைத் தாண்டும் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் பெரும்பாலானவர்கள் நம்பியிருக்க மாட்டார்கள். ஜனவரி 27-ஆம் தேதி அதே பங்கு 347.51 டாலரில் முடிந்தது. 40 டாலர் ஸ்ட்ரைக்கில் ஒரு கால் ஆப்ஷனை விற்றுவிட்டு நிம்மதியாக இருந்தவருக்கு, அன்றைய விலைப்படி ஒவ்வொரு பங்குக்கும் 307 டாலருக்கு மேல் பாதகம். அமெரிக்காவில் ஓர் ஆப்ஷன் ஒப்பந்தம் என்பது 100 பங்குகளுக்கானது. ஒரே ஒரு ஒப்பந்தம் முப்பதாயிரம் டாலரை விழுங்கியிருக்கும்.

ஆப்ஷன் விற்பவர்களை வாட்டும் பயம் இதுதான். விலை கீழே எவ்வளவு விழுந்தாலும் பூஜ்ஜியத்தில் நின்றாக வேண்டும். மேலே அப்படி ஒரு கூரை கிடையாது. அந்தக் கூரையை நாமே கட்டி, அதற்கான செலவையும் சந்தையிடமிருந்தே வாங்கிக்கொள்ள முடியுமா என்ற கேள்விக்குப் பதிலாக வந்ததுதான் ஜேட் லிசார்ட். அமெரிக்காவில் டேஸ்டிடிரேட் என்ற இணையவழி நிதி நிகழ்ச்சி நிறுவனம் இந்தப் பெயரையும் இந்த முறையையும் சில்லறை வியாபாரிகளிடையே பரப்பியது. 'மேல் பக்கம் ஆபத்தே இல்லை' என்ற ஒற்றை வாக்கியத்தோடுதான் இது பெரும்பாலும் அறிமுகமாகிறது. அந்த வாக்கியம் உண்மை. ஆனால் அது எந்த நிபந்தனையின் மேல் நிற்கிறது, அதற்கு எங்கிருந்து பணம் வருகிறது என்று தெரியாமல் இதில் இறங்குவது சரியல்ல என்பது என் உறுதியான கருத்து.

முதலில் அடிப்படையைப் பார்த்துவிடுவோம். ஒரு பங்கைக் குறிப்பிட்ட விலையில் குறிப்பிட்ட நாளுக்குள் வாங்கும் உரிமை கால் ஆப்ஷன். அதேபோல் விற்கும் உரிமை புட் ஆப்ஷன். அந்தக் குறிப்பிட்ட விலைதான் ஸ்ட்ரைக்; கெடு முடியும் நாள் எக்ஸ்பைரி. உரிமையை வாங்குபவர் பிரீமியம் கொடுக்கிறார். விற்பவர் பிரீமியத்தை வாங்கிக்கொண்டு கடமையைத் தலையில் ஏற்றிக்கொள்கிறார். புட் விற்றவருக்கு, விலை விழுந்தால் ஸ்ட்ரைக் விலையில் பங்கை வாங்கிக்கொள்ளும் கடமை. கால் விற்றவருக்கு, விலை ஏறினால் ஸ்ட்ரைக் விலையில் பங்கைக் கொடுக்கும் கடமை.

ஜேட் லிசார்டில் மூன்று ஆப்ஷன்கள் உண்டு. மூன்றும் ஒரே பங்கின் மீது, ஒரே எக்ஸ்பைரியில். இன்றைய விலைக்குக் கீழே ஒரு புட் விற்கிறோம். இன்றைய விலைக்கு மேலே ஒரு கால் விற்கிறோம். அந்தக் காலுக்கும் மேலே இன்னொரு காலை வாங்குகிறோம். விற்ற காலும் வாங்கிய காலும் சேர்ந்தது கால் ஸ்பிரெட். பங்கு எவ்வளவு உயர்ந்தாலும், விற்ற காலில் வரும் நஷ்டத்தை ஒரு கட்டத்துக்கு மேல் வாங்கிய கால் ஈடுகட்டிவிடும். ஆகவே ஸ்பிரெட்டில் வரக்கூடிய அதிகபட்ச இழப்பு, இரண்டு கால் ஸ்ட்ரைக்குகளுக்கும் உள்ள இடைவெளி மட்டுமே. கீழே விற்ற புட்டுக்கு அப்படி எந்தக் காவலும் இல்லை. அதை நினைவில் வைத்துக்கொள்வோம். பின்னால் அதற்கு வர வேண்டியிருக்கிறது.

இந்த அமைப்பின் உயிர் ஒரு நிபந்தனையில் இருக்கிறது. மூன்று ஆப்ஷன்களிலும் சேர்ந்து கைக்கு வரும் நிகர பிரீமியம், கால் ஸ்ட்ரைக்குகளின் இடைவெளிக்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்க வேண்டும். இருந்தால் மேலே நஷ்டம் கிடையாது. இல்லையென்றால் அது வடிவத்தில் மட்டும் ஜேட் லிசார்ட், வேலையில் அல்ல.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தால் இது தெளிவாகும். 100 டாலரில் வியாபாரமாகும் ஒரு பங்கை எடுத்துக்கொள்வோம். எக்ஸ்பைரிக்கு 45 நாள் இருக்கிறது. சந்தை எதிர்பார்க்கும் ஏற்ற இறக்கம் ஆண்டுக்கு 40 சதவீதம் அளவில் என்றால், விலைகள் ஏறக்குறைய இப்படி இருக்கும். 95 புட் 3.50 டாலர். 110 கால் 2.30 டாலர். 115 கால் 1.35 டாலர்.

பலரும் முதலில் இந்த மூன்றையும்தான் எடுப்பார்கள், ஐந்து டாலர் இடைவெளி கண்ணுக்கு லட்சணமாக இருக்கிறது என்பதால். புட்டில் 3.50, காலில் 2.30, ஆக 5.80 வருகிறது, 115 காலை வாங்க 1.35 போகிறது. கையில் நிற்பது 4.45. இடைவெளி 5. பங்கு 115-ஐத் தாண்டிவிட்டால் ஸ்பிரெட்டில் 5 டாலர் போகும். கையில் இருப்பதோ 4.45. பங்குக்கு 55 சென்ட், ஒப்பந்தத்துக்கு 55 டாலர் நஷ்டம். சிறிய தொகைதான். ஆனால் 'மேலே நஷ்டமில்லை' என்பது இங்கே பொய்யாகிவிட்டது.

இதைச் சரிசெய்ய வழிகள் உண்டு. 110 காலுக்குப் பதிலாக இன்றைய விலைக்கு இன்னும் அருகில் ஒரு காலை விற்கலாம். பிரீமியம் கூடும், ஆனால் பங்கு கொஞ்சம் நகர்ந்தாலே இடிக்கத் தொடங்கும். புட்டை 97-க்கு ஏற்றலாம். அப்போது கீழ்ப்பக்க ஆபத்து கிட்டே வந்துவிடும். இரண்டையும்விட நேரான வழி, வாங்கும் காலைக் கீழே இறக்கி இடைவெளியைச் சுருக்குவது. 114 கால் 1.50 டாலருக்குக் கிடைக்கிறது என்று வைப்போம். இப்போது கையில் நிற்பது 4.30, இடைவெளி 4. இடைவெளியைக் கழித்தாலும் 30 சென்ட் மிஞ்சுகிறது. நிபந்தனை நிறைவேறிவிட்டது.

இங்கே நடந்ததைக் கவனியுங்கள். 15 சென்ட் கூடுதலாகச் செலவு செய்து ஒரு டாலர் ஆபத்தைக் குறைத்திருக்கிறோம். தூரத்தில் இருக்கும் கால்களின் விலை ஸ்ட்ரைக்குக்கு ஸ்ட்ரைக் மெதுவாகத்தான் மாறும் என்பதால் இது சாத்தியமாகிறது. அதனால்தான் அனுபவமுள்ளவர்கள் பிரீமியம் போதவில்லை என்றதும் புட்டைத் தொடுவதில்லை. முதலில் ஸ்பிரெட்டின் அகலத்தைத்தான் குறைத்துப் பார்க்கிறார்கள்.

எக்ஸ்பைரியில் என்ன ஆகும்? பங்கு 95-க்கும் 110-க்கும் இடையில் எங்கே நின்றாலும் மூன்று ஆப்ஷன்களும் மதிப்பிழந்து போகும். 430 டாலர் முழுதாக நம்முடையது. 112-இல் நின்றால் விற்ற காலில் 2 டாலர் போய், 230 டாலர் லாபம். 114-இல் நின்றாலும், 140-க்குப் போனாலும், கேம்ஸ்டாப்போல 347-க்கே பறந்தாலும் 30 டாலர் லாபம். அதற்கு மேலும் இல்லை, கீழும் இல்லை. கீழ்ப் பக்கத்தில் 95-இலிருந்து 4.30-ஐக் கழித்தால் 90.70. அதற்குக் கீழே ஒவ்வொரு டாலர் வீழ்ச்சிக்கும் 100 டாலர் நஷ்டம்.

இனி அந்த 'ஆபத்தே இல்லை' என்ற வாக்கியத்துக்கு வருவோம். மேல் பக்க ஆபத்து காணாமல் போய்விடவில்லை. அதை யாரோ கட்டியிருக்கிறார்கள். யார்? நாம் விற்ற புட்தான். ஸ்பிரெட்டைத் தனியாகப் பார்த்தால் அதில் வந்த நிகர பிரீமியம் 80 சென்ட். அதிகபட்ச இழப்பு 4 டாலர். அதாவது தனியாக நின்றால் அது 3.20 டாலர் நஷ்டத்துக்கு வழி உள்ள ஒரு வியாபாரம். புட்டில் வந்த 3.50 அந்த 3.20-ஐ மூடுகிறது, மிச்சம்தான் அந்த 30 சென்ட். கீழே ஆபத்தை ஏற்றுக்கொண்டதற்காக வாங்கிய கூலியை மேலே காவலுக்குச் செலவிட ஒத்துக்கொண்டிருக்கிறோம்.

ஆகவே இதைச் சரியாக எடைபோட வேண்டுமானால், வெறும் 95 புட்டை மட்டும் விற்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். புட் மட்டும் என்றால் பிரீமியம் 3.50. அதிலும் மேல் பக்க ஆபத்து கிடையாது என்பது பலருக்கு உறைப்பதில்லை. பங்கு ஏறினால் புட் விற்றவருக்கு முழு 350 டாலரும் லாபம்தான். ஜேட் லிசார்ட் அதோடு 80 டாலர் கூடுதலாகத் தருகிறது, நஷ்டம் தொடங்கும் இடத்தை 91.50-இலிருந்து 90.70-க்கு இறக்குகிறது. பதிலுக்கு, பங்கு 114-ஐத் தாண்டினால் 350-க்குப் பதில் 30 டாலரோடு திருப்திப்பட வேண்டும். பங்கு அசையாமல் கிடக்கும் அல்லது கொஞ்சம் ஏறும் என்று நினைப்பவருக்கு இது நல்ல பேரம். வேகமாக ஏறும் என்று நம்புபவருக்கு இது தவறான கருவி. அவர் புட்டை மட்டும் விற்பதே மேல்.

இன்னொரு பக்கம், 95 புட்டையும் 110 காலையும் மட்டும் விற்று நிறுத்தியிருந்தால் 5.80 கிடைத்திருக்கும். சந்தையில் இதை ஷார்ட் ஸ்டிராங்கிள் என்பார்கள். அதிலிருந்து 1.50-ஐக் கொடுத்து 114 காலை வாங்குவதுதான் ஜேட் லிசார்டுக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம். இரவோடு இரவாக ஒரு நிறுவனத்தை இன்னொன்று விலைக்குக் கேட்டு, பங்கு 30 சதவீதம் ஏறித் திறக்கும் காலை நேரத்தில் அந்த 1.50-இன் அருமை தெரியும்.

கீழ்ப் பக்கம்தான் இந்த அமைப்பின் உண்மையான முகம். 2022 பிப்ரவரி 3-ஆம் தேதி, காலாண்டு முடிவுகளுக்கு மறுநாள், ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டாவின் பங்கு 323 டாலரிலிருந்து 237.76 டாலருக்கு விழுந்து முடிந்தது. ஒரே நாளில் 26 சதவீதம். நம் 100 டாலர் பங்குக்கு அதே அடி விழுந்து, எக்ஸ்பைரியில் 74-இல் நிற்கிறது என்று வையுங்கள். புட்டில் 21 டாலர் நஷ்டம், பிரீமியம் 4.30-ஐக் கழித்தால் 16.70. ஒப்பந்தத்துக்கு 1,670 டாலர். கிடைக்கக்கூடிய அதிகபட்ச லாபத்தைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு, ஒரே அறிவிப்பில். மேல் பக்கத்தைச் சென்ட் சென்ட்டாகக் கணக்குப் பார்த்து மூடிவிட்டு, கீழே இப்படிக் கதவு திறந்து கிடப்பதை மறந்துவிடுபவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே கவலையாக இருக்கிறது. 95 டாலரில் இந்தப் பங்கை 100 எண்ணிக்கையில் வாங்கி வைத்துக்கொள்ளத் தயாரா, அதற்கு 9,500 டாலர் இருக்கிறதா என்று தன்னைக் கேட்டு, ஆம் என்று பதில் வந்தால் மட்டுமே இந்தப் புட்டை விற்க வேண்டும். புரோக்கர் கேட்கும் மார்ஜின் தொகை இதைவிட வெகுவாகக் குறைவாக இருக்கும். அந்தக் குறைவான தொகையை வைத்து மூன்று நான்கு ஒப்பந்தங்கள் போட்டுவிடுவதில்தான் பலருக்கு அடி விழுகிறது.

அப்படியானால் புட் பக்கத்தில் மட்டும் ஏன் இவ்வளவு பிரீமியம் கிடைக்கிறது? 1987 அக்டோபர் 19-ஆம் தேதி அமெரிக்காவின் டவ் ஜோன்ஸ் குறியீடு ஒரே நாளில் 22.6 சதவீதம் விழுந்தது. அந்தப் பயம் இன்றுவரை விலைகளில் உட்கார்ந்திருக்கிறது. வீழ்ச்சிக்குக் காப்பு தேடும் பெரிய நிதிகள் புட்டை வாங்கிக்கொண்டே இருப்பதால், இன்றைய விலையிலிருந்து அதே தூரத்தில் இருக்கும் காலைவிடப் புட் பொதுவாக விலை கூடுதலாக இருக்கும். இதை ஸ்கியூ என்பார்கள். ஜேட் லிசார்ட் இந்தச் சாய்வைப் பயன்படுத்திக்கொள்ளும் அமைப்பு: விலை கூடுதலான புட்டைக் காவலில்லாமல் விற்று, விலை குறைவான கால் பக்கத்தில் மட்டும் காவல் வாங்குகிறது. ஏற்ற இறக்க எதிர்பார்ப்பு உயர்ந்திருக்கும் நேரத்தில்தான் இடைவெளியை மூடும் அளவுக்குப் பிரீமியம் சேரும். சந்தை தூங்கி வழியும் நாட்களில் எவ்வளவு தேடினாலும் கணக்கு நிறைவேறாது. அப்போது நிறைவேற்றியே தீர வேண்டும் என்று ஸ்ட்ரைக்குகளை நெருக்கிக்கொண்டு போவதைவிடச் சும்மா இருப்பது நல்லது.

கணக்கு நிறைவேறியிருக்கிறது என்று எந்த விலையை வைத்துச் சொல்கிறோம் என்பதும் முக்கியம். திரையில் தெரியும் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவில் உள்ள எண்ணை வைத்துத்தான் பெரும்பாலும் கூட்டுகிறோம். மூன்று ஆப்ஷன்களிலும் ஆளுக்கு ஐந்து சென்ட் விட்டுக்கொடுத்தாலே நம் 30 சென்ட் மிச்சம் பாதியாகிவிடும், கமிஷன் வேறு. அதனால் மூன்றையும் ஒரே ஆர்டராக, நிகர பிரீமியத்துக்கு ஒரு கீழ் வரம்பு வைத்துப் போட வேண்டும். தனித்தனியாகப் போட்டால், புட்டை விற்று முடிப்பதற்குள் பங்கு நகர்ந்து, ஸ்பிரெட்டின் விலை மாறிப்போவது சகஜம்.

வியாபாரத்தில் நுழைந்த பிறகு இந்த நிபந்தனை உடைவதும் உண்டு, அதுவும் எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருக்கும்போது. பங்கு 109-க்கு ஏறிவிட்டது என்று வைப்போம். 3.50-க்கு விற்ற புட் இப்போது 50 சென்ட். 'இதில் லாபம் வந்துவிட்டது, மூடிவிடலாம்' என்று 50 சென்ட் கொடுத்துத் திரும்ப வாங்குகிறோம். கீழ்ப் பக்க ஆபத்து போய்விட்டது, நல்ல காரியம்தான். ஆனால் கையில் நின்ற 4.30 இப்போது 3.80. இடைவெளி 4. மேல் பக்கத்தில் 20 சென்ட் நஷ்டம் திரும்ப வந்து உட்கார்ந்துவிட்டது, அதுவும் பங்கு மேலே போய்க்கொண்டிருக்கும் நேரத்தில். அதற்காக மூடக் கூடாது என்று சொல்லவில்லை. எந்த மாற்றம் செய்தாலும், அந்த நிமிடம் வரை வாங்கியதையும் கொடுத்ததையும் நேர் செய்து, அந்தத் தொகை இடைவெளியைவிடக் கூடுதலா என்று மறுபடி பார்க்க வேண்டும். முதல் நாள் போட்ட கணக்கு அந்த மாற்றத்தோடு காலாவதியாகிவிட்டது.

எக்ஸ்பைரிக்கு முந்தைய நாட்களில் இரண்டு ஓட்டைகள் உண்டு. அமெரிக்கப் பங்கு ஆப்ஷன்களை வாங்கியவர் கெடுவுக்கு முன்பே எந்த நாளிலும் தன் உரிமையைப் பயன்படுத்தலாம். டிவிடெண்ட் கிடைக்கும் கடைசி நாளில் பங்கு 110-க்கு மேல் நின்று, அந்தக் காலில் மீதமிருக்கும் நேர மதிப்பு டிவிடெண்டைவிடக் குறைவாகவும் இருந்தால், கால் வாங்கியவர் பங்கைக் கேட்டுவிடுவார். நாம் பங்கு இல்லாமலே கொடுத்ததாகிவிடும். டிவிடெண்டையும் நம் கைப்பணத்திலிருந்து கட்ட வேண்டும். டிவிடெண்ட் 60 சென்ட் என்றால் நம் 30 சென்ட் மிச்சம் அதிலேயே போய், மேலும் 30 சென்ட் கைநஷ்டம். இது நடக்குமா என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள எளிய அடையாளம் ஒன்று இருக்கிறது: அதே 110 ஸ்ட்ரைக்கில் உள்ள புட்டின் விலையைப் பாருங்கள். அது டிவிடெண்டைவிடக் குறைவாக இருந்தால் ஆபத்து வாசலுக்கு வந்துவிட்டது என்று பொருள்.

இரண்டாவது ஓட்டை, எக்ஸ்பைரி நாளன்று பங்கு 110-க்கும் 114-க்கும் நடுவில் மாட்டிக்கொள்வது. 112-இல் சந்தை மூடினால், விற்ற கால் செயல்படுத்தப்பட்டு நாம் 100 பங்குகளை ஷார்ட் செய்த நிலைக்கு வந்துவிடுவோம். வாங்கிய 114 காலோ மதிப்பின்றிக் காலாவதியாகிவிடும். வெள்ளி மாலைக்கும் திங்கள் காலைக்கும் நடுவே கூரை இல்லாமல் நிற்கிறோம். அந்த வார இறுதியில் நல்ல செய்தி ஏதாவது வந்து பங்கு 125-இல் திறந்தால், எந்த ஆபத்து இல்லவே இல்லை என்று இந்த அமைப்பைத் தேர்ந்தெடுத்தோமோ அதே ஆபத்து முழுதாகத் தாக்கும். மருந்து எளிது: கடைசி நாள் வரை காத்திருக்காமல் ஸ்பிரெட்டை மூடிவிடுவது. பாதி லாபம் வந்ததும் அல்லது எக்ஸ்பைரிக்கு மூன்று வாரம் இருக்கும்போதே மொத்தத்தையும் முடித்துக்கொள்ளும் பழக்கம் பலரிடம் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்தியச் சந்தையில் இந்த ஓட்டைகளின் உருவம் மாறுகிறது. நிஃப்டி ஆப்ஷன்களைக் கெடு நாளில் மட்டுமே செயல்படுத்த முடியும். கணக்கும் ரொக்கமாகவே தீர்க்கப்படுகிறது. அதனால் முன்கூட்டியே பங்கைக் கேட்பது, வார இறுதியில் ஷார்ட் பங்கோடு மாட்டிக்கொள்வது ஆகிய இரண்டுமே நிஃப்டியில் இல்லை. மூன்று ஆப்ஷன்களும் ஒரே முடிவு விலையில் தீர்வதால் நிபந்தனை கடைசி நொடி வரை அப்படியே நிற்கும். ஆனால் குறியீட்டில் மேலே உள்ள கால்கள் மிக மெலிந்த விலையில் இருப்பதால், ஸ்பிரெட்டிலிருந்து வரும் பணம் பல நேரம் புட் விற்ற பணத்தோடு ஒப்பிட்டால் சொற்பமே. வாங்கிய கூடுதல் பிரீமியம் அந்த இரண்டு கால்களுக்கான தரகையும் வரியையும் தாண்டுமா என்று பார்த்தால், வெறும் புட்டே போதும் என்ற முடிவுக்கு வர வேண்டிய நாட்களும் வரும். தனிப் பங்கு ஆப்ஷன்களில் நிலைமை வேறு. அங்கே 2019 அக்டோபர் முதல் எல்லா ஒப்பந்தங்களும் பங்கைக் கொடுத்து வாங்கித்தான் தீர்க்கப்படுகின்றன. விற்ற புட்டுக்குக் கீழே பங்கு முடிந்தால் ஒரு லாட் முழுவதையும் முழுப் பணம் கட்டி எடுத்தாக வேண்டும். எக்ஸ்பைரி நெருங்க நெருங்க அதற்கான மார்ஜினும் ஏறிக்கொண்டே போகும். அந்தத் தொகை கணக்கில் இல்லாதவர், மேல் பக்கக் கணக்கு எவ்வளவு அழகாகப் பொருந்தியிருந்தாலும், எக்ஸ்பைரி வாரம் தொடங்குமுன் வெளியேறிவிட வேண்டும்.